கறுப்பு டி-ஷர்ட்டுக்கும் வெள்ளை மக்குக்கும் ஒரே முகம்: பின்னணி நீக்கிய படத்தைப் பிரிண்டுக்குத் தயார் செய்வது

அத்தையின் பிறந்தநாளுக்கு ஒரு கறுப்பு டி-ஷர்ட்டும் ஒரு வெள்ளை மக்கும் செய்து கொடுப்பது என்று முடிவானது. இரண்டிலும் அவருடைய முகம் மட்டும், பின்னால் எதுவும் இல்லாமல். செல்போனில் எடுத்த ஒரு நல்ல படம் கையில் இருந்தது: சுருள் முடி, கண்ணாடி, காதில் ஜிமிக்கி, தோளில் க்ரீம் நிறத் துப்பட்டா, பின்னால் மஞ்சள் சுவர். சுவரை அழித்தேன், PNG கோப்பாகச் சேமித்தேன், பிரிண்டுக்கு அனுப்பினேன். கணினித் திரையில் குறையே தெரியவில்லை. டி-ஷர்ட் வந்தபோது அத்தையின் தலையைச் சுற்றி வெளிறிய மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. முடியின் நுனிகளில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் இருந்தது. மக்கில் வேறு கதை. முகம் நன்றாக இருந்தது, ஆனால் துப்பட்டா எங்கே முடிகிறது, மக் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரிண்ட் போட்டவர்மேல் குற்றமில்லை. நான் அனுப்பிய கோப்பில் இருந்ததுதான் வந்தது. இரண்டாவது முறை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் செய்தேன். வேறு மென்பொருள் பழகியவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், வேலை அதேதான்.

திரையில் நன்றாக இருந்தது துணியில் ஏன் கெட்டது

பின்னணி நீக்கிய படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு இன்னொரு அளவும் உண்டு: அது எவ்வளவு தெரிய வேண்டும் என்பது. முகத்தின் நடுவில் முழுதாகத் தெரியும். சுவர் இருந்த இடத்தில் எதுவுமே தெரியாது. சிக்கல் இந்த இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் இருக்கிறது. அங்கே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் சில பிக்சல்கள் இருக்கும். திரையில் ஓரம் மழமழப்பாகத் தெரிவதற்குக் காரணமே அவைதான்.

இப்போது கறுப்புத் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின்மேல் வண்ண மையை நேராகத் தெளித்தால் ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் படத்தின் வடிவத்துக்கு ஒரு வெள்ளை மையை அடித்தளமாகப் போட்டு, அதன்மேல் வண்ணம் போடுகிறார்கள். துணியில் நேராக மை தெளிக்கும் டி.டி.ஜி முறையிலும் இப்படித்தான். பிலிமில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றும் டி.டி.எஃப் முறையிலும் வெள்ளை உண்டு. அங்கே பிலிமில் வண்ணம் முதலில், வெள்ளை அதன்மேல். துணியில் ஒட்டும்போது வெள்ளை அடியில் போய்விடும்.

பாதி தெரியும் பிக்சலுக்கு இயந்திரம் என்ன செய்யும்? வெள்ளையைக் கொஞ்சம் போடும், வண்ணத்தையும் கொஞ்சம் போடும். விளைவு, கறுப்புத் துணியில் வெளிறிய புள்ளிகள். டி.டி.எஃப்-இல் இன்னொரு தொல்லையும் சேரும். மை அடர்த்தியாக விழுந்த இடத்தில்தான் பசைப்பொடி நன்றாகப் பிடிக்கும். சிதறிய புள்ளிகளில் பிடிப்பு குறைவு, துவைக்கும்போது முதலில் உதிர்வது அவைதான்.

மக்கில் வருவது பெரும்பாலும் சப்ளிமேஷன். சூட்டில் சாயம் ஆவியாகி மக்கின்மேல் பூசிய பாலிமர் பூச்சுக்குள் இறங்கும் முறை. இதில் வெள்ளை மையே கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் மக்கின் வெள்ளைதான். ஆகவே பாதி தெரியும் ஓரம் மக்கில் தொல்லை தராது, மெதுவாக வெள்ளையில் கரைந்து அழகாகவே இருக்கும். ஆனால் வெள்ளைக்கு நெருக்கமான நிறம் எதுவாக இருந்தாலும் அதன் எல்லை காணாமல் போய்விடும். துப்பட்டா அப்படித்தான் தொலைந்தது.

ஆக, முகத்தை ஒருமுறை வெட்டினால் போதும், ஓரத்தை இரண்டு முறை முடிவு செய்ய வேண்டும். எந்த முறையில், எந்த நிறத்தின்மேல் அச்சாகப் போகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓரத்தில் கை வைக்காதீர்கள்.

படம் போதுமா என்று முதலில் அளந்து பாருங்கள்

செல்போன் படம் முழுதாக 3024 × 4032 பிக்சல் இருந்தது. அதில் அத்தை தலையிலிருந்து மார்பு வரை எடுத்துக்கொண்ட பகுதி ஏறக்குறைய 1900 × 2400 பிக்சல். கணக்கில் சேர்வது இதுதான், முழுப் படத்தின் அளவு அல்ல. சுவரும் மேசையும் பிடித்துவைத்திருக்கும் பிக்சல்களால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

டி-ஷர்ட்டில் 28 செ.மீ. உயரத்துக்கு வேண்டும். 28 செ.மீ. என்பது 11 அங்குலத்துக்கு ஒரு நூலளவு கூட. 2400-ஐ 11-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 218 பிக்சல். எல்லோரும் 300 என்று சொல்வார்கள். அது கையில் பிடித்துப் படிக்கும் காகிதத்துக்குப் பழகிய அளவு. துணியின் நெசவே கொஞ்சம் சொரசொரப்பானது, பார்ப்பவரும் எட்டி நின்றுதான் பார்ப்பார். அங்குலத்துக்கு 150-க்கு மேல் இருந்தால் துணியில் ஒரு முகம் நன்றாகவே வரும். 100-க்குக் கீழே போனால் கண்ணிமையும் முடியும் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அப்போது பிரிண்டைச் சிறிதாக்குவதுதான் வழி. மென்பொருளில் அளவைப் பெருக்கினால் எண்ணிக்கை கூடும், விவரம் கூடாது.

மக்கில் 8 செ.மீ. உயரம் போதும். அதற்கு 300 கணக்கில் 945 பிக்சல் உயரமே தேவை, கையில் இருப்பது அதற்குத் தாராளம். அதனால் பெரிய அளவில் வெட்டி முடித்துவிட்டு, கடைசியில் மக்குக்காக ஒரு பிரதியைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்யக்கூடாது.

இன்னொன்று: படத்தை எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பாகவே வாங்குங்கள். அரட்டைச் செயலிகளில் படமாக அனுப்பினால் அவை அளவையும் தரத்தையும் குறைத்துவிடும். அதே செயலியில் டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வரும்.

வெட்டுவது: அழிக்காதீர்கள், மறையுங்கள்

முதல் முறை நான் அழிப்பானை எடுத்துச் சுவரைத் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அதில் ஒரு காது மடலின் விளிம்பும் போனது, திரும்ப வரவில்லை. லேயர் மாஸ்க் பயன்படுத்தினால் இந்தப் பயம் கிடையாது. மாஸ்க் என்பது படத்தின்மேல் போடும் ஒரு கறுப்பு-வெள்ளைத் தாள். அதில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும், சாம்பல் பாதி தெரியும். படம் அடியில் பத்திரமாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் வெள்ளைத் தூரிகையால் தீட்டினால் மறைந்தது திரும்பி வரும்.

படத்தைத் திறந்து, முதலில் `Layer > Transparency > Add Alpha Channel`. பிறகு `B` விசையை அழுத்தினால் பாத் கருவி வரும். 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக்கொண்டு, தோளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வளைவிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். சொடுக்கிவிட்டு இழுத்தால் கோடு வளையும். நேரான இடத்தில் புள்ளிகளைத் தள்ளி வைக்கலாம், மூக்குக்கண்ணாடி, காது போன்ற இடத்தில் நெருக்கி வைக்க வேண்டும்.

கோட்டை ஓரத்தின்மேல் வைக்காமல் ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே வையுங்கள். ஓரத்தில் இருக்கும் பிக்சல்களில் தோலின் நிறமும் சுவரின் நிறமும் ஏற்கெனவே கலந்திருக்கும். அவற்றையும் சேர்த்து வெட்டினால் சுவரில் ஒரு மெல்லிய கீற்று உங்களோடு வந்துவிடும். என்னுடைய டி-ஷர்ட்டில் ஓடிய மஞ்சள் கோடு அந்தச் சுவர்தான். இரண்டு பிக்சல் உள்ளே வெட்டியதால் அத்தை இளைத்துவிட மாட்டார். 218 கணக்கில் அது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு.

முடி வரும் இடத்தில் ஒவ்வொரு இழையையும் துரத்த வேண்டாம். முடி அடர்த்தியாக இருக்கும் எல்லைக்குள்ளேயே கோட்டை ஓட்டிவிடுங்கள், இழைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோடு தொடங்கிய புள்ளிக்குத் திரும்பியதும் `Ctrl` விசையைப் பிடித்துக்கொண்டு முதல் புள்ளியைச் சொடுக்கினால் வளையம் மூடும். `Enter` அழுத்தினால் அது தேர்வாக மாறும். அடுத்து `Layer > Mask > Add Layer Mask`, வரும் பெட்டியில் `Selection` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுவர் மறைந்துவிடும். தேர்வை `Select > None` கொடுத்து நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து தீட்டும்போது தூரிகை அந்த எல்லைக்கு வெளியே வேலை செய்யாது. ஏன் தீட்ட முடியவில்லை என்று நான் பத்து நிமிடம் திணறியிருக்கிறேன்.

உடனே இன்னொரு காரியம். அடியில் ஒரு புதிய லேயர் சேர்த்து அதைக் கறுப்பால் நிரப்புங்கள். முழுக் கறுப்பு வேண்டாம், துணியில் தெரியும் கருஞ்சாம்பல் போதும். இனிமேல் எல்லா வேலையும் இந்தக் கறுப்பின்மேல்தான். மென்பொருள் காட்டும் சாம்பல் சதுரக் கட்டங்களின்மேல் பார்த்தால் எந்த ஓரமும் நன்றாகத்தான் தெரியும்.

முடி

சுருள் முடியில்தான் மொத்த நேரத்தில் பாதி போனது. போகத்தான் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. துணியில் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடு நம்பகமாக நிற்காது. அச்சில் விட்டுவிட்டு வரும், அல்லது நாலைந்து துவைப்பில் போய்விடும். 218 கணக்கில் அரை மில்லிமீட்டர் என்பது சுமார் 4 பிக்சல். படத்தில் தனியாகப் பறக்கும் ஓர் இழை ஒன்று அல்லது இரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும். ஆகவே அந்த இழைகளை மணிக்கணக்காகக் காப்பாற்றிப் பயனில்லை. அவற்றை விட்டுவிடுங்கள். காப்பாற்ற வேண்டியவை சுருள்கள், கற்றைகள், அதாவது தூரத்திலிருந்து பார்த்தாலும் ‘இது அத்தையின் தலை’ என்று சொல்லவைக்கும் அந்த மேடுபள்ளமான உருவக்கோடு. அது வழவழவென்று ஆகிவிட்டால் தொப்பி போட்டதுபோல் இருக்கும்.

லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டு, 5 அல்லது 6 பிக்சல் அகலத் தூரிகையை எடுங்கள். அதன் `Hardness` அளவை முக்கால் பங்குக்கு மேல் வையுங்கள். வெள்ளையால் ஒவ்வொரு கற்றையின் திசையிலும் உள்ளிருந்து வெளியே இழுத்துத் தீட்டினால் மறைந்திருந்த சுருள்கள் வெளியே வரும். கூடவே சுருளுக்கு இடையில் இருந்த மஞ்சள் சுவரும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். பதற வேண்டாம், இப்போதைக்கு வடிவம் சரியாக வந்தால் போதும்.

மாஸ்க்கின் உண்மையான சுகம் இங்கேதான் தெரிகிறது. வடிவம் மாஸ்க்கில் இருக்கிறது, நிறம் படத்தில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் திருத்தலாம். மாஸ்க்கை விட்டுவிட்டுப் படத்தின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். `C` விசையில் வரும் குளோன் கருவியை எடுத்து, `Ctrl` பிடித்துக்கொண்டு தலையின் உட்பகுதியில் நல்ல முடி உள்ள ஓரிடத்தைச் சொடுக்குங்கள். பிறகு மஞ்சள் எட்டிப்பார்க்கும் ஓரத்தில் தீட்டுங்கள். சுவரின் நிறத்துக்குமேல் முடியின் நிறம் ஏறும், வடிவமோ மாஸ்க் சொன்னபடியே நிற்கும். எல்லைக்கு வெளியே தூரிகை வழிந்தாலும் கவலையில்லை, அது மறைந்தே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை முழுவதும் ஒரு சுற்று வந்துவிடலாம். தோளிலும் கன்னத்திலும் சுவரின் சாயல் மிச்சமிருந்தால் அங்கேயும் இதே வைத்தியம், தோல் நிறத்தை எடுத்துத் தோலின் ஓரத்தில்.

ஓர் எச்சரிக்கை: எந்தச் சிறுபடம் தேர்வாகியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாஸ்க்கில் இருப்பதாக நினைத்துப் படத்தின்மேல் வெள்ளை தீட்டி, அத்தைக்கு நெற்றியில் ஒரு பட்டை போட்ட அனுபவம் எனக்குண்டு.

உள்ளே இருக்கும் ஓட்டைகள்

புதிதாகச் செய்பவர்கள் வெளிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இவற்றை மறந்துவிடுவார்கள். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் மஞ்சள் சுவர். கண்ணாடிச் சட்டத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு முக்கோணம், அதிலும் சுவர். சட்டம் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடியின் வழியாகவும் சுவர் தெரியும்.

இவற்றுக்கு நான் வைத்துக்கொண்ட விதி எளிது. அச்சில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால், மாஸ்க்கில் கறுப்பு தீட்டி ஓட்டையாக்கிவிடுவேன். துணியின் நிறமே அதன் வழியாகத் தெரியும், இயல்பாகவும் இருக்கும். அதைவிடச் சிறியது என்றால் ஓட்டை போடாமல், அக்கம்பக்கத்து நிறத்தைக் குளோன் செய்து அடைத்துவிடுவேன். சின்ன ஓட்டைகள் அச்சில் அழுக்குப் புள்ளிபோலத்தான் தெரியும். கண்ணாடி வழியே தெரியும் பகுதியைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் தத்ரூபமாக இருக்கும் என்று தோன்றும். கறுப்புத் துணிக்கு அந்த ஆசை வேண்டாம், வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

ஓரத்தை இறுக்குவது

இப்போது டி-ஷர்ட்டுக்கான முக்கியமான படி. கோப்பை ஒருமுறை கிம்பின் சொந்த வடிவமான `.xcf` ஆகச் சேமித்துவிட்டு, டி-ஷர்ட்டுக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மக்குக்கு மூலத்தையே பயன்படுத்தப் போகிறோம்.

பிரதியில் மாஸ்க்கைச் சொடுக்கிவிட்டு `Colors > Levels` திறங்கள். `Input Levels` பட்டைக்குக் கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கும். இடது ஓரத்துக் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் கால் பங்கு நகர்த்துங்கள், வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் கால் பங்கு நகர்த்துங்கள். மங்கலான சாம்பல் எல்லாம் கறுப்பாகவும் வெளிர்சாம்பல் எல்லாம் வெள்ளையாகவும் ஆகி, ஓரம் இறுகும். நடுவில் ஒரு பிக்சலளவு சாம்பல் மட்டும் மிச்சமிருக்கும், அது இருக்கட்டும். முழுக்கவே கறுப்பு-வெள்ளையாக்கினால் சாய்வான கோடுகள் படிக்கட்டுபோல் ஆகும். 218 கணக்கில் அது துணியில் பெரிதாகத் தெரியாது என்றாலும் கன்னத்தின் வளைவில் கண் உறுத்தலாம்.

இந்தப் படி இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. அழிப்பானாலோ மென்மையான தூரிகையாலோ வேலை செய்தவர்களின் படத்தில், காலி என்று நினைக்கும் இடத்தில் இரண்டு மூன்று விழுக்காடு தெரியும் ‘பேய்ப் பிக்சல்கள்’ கிடக்கும். திரையில் கண்ணுக்கே தெரியாது. அச்சு இயந்திரத்துக்குத் தெரியும், அங்கங்கே ஒரு சொட்டு வெள்ளை போட்டுவிடும். கறுப்பு முக்கோணத்தை நகர்த்தியதும் அவை துடைத்தெறியப்படும்.

சரிபார்க்க, அடியில் இருக்கும் கறுப்பு லேயரை ஒருமுறை கண்ணைப் பறிக்கும் பச்சையாகவும், ஒருமுறை ரோஜா நிறமாகவும் நிரப்பிப் பாருங்கள். சுவரின் மஞ்சள் மிச்சம் இருந்தால் இந்த நிறங்களின்மேல் தப்பவே தப்பாது. முடிந்ததும் கறுப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

கறுப்பில் கறுப்பு முடி

ஓரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கறுப்பு முடி கறுப்புத் துணியில் கரைந்துதான் போகும். முகம் மட்டும் இருட்டில் மிதப்பதுபோல் இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், அத்தைக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

படத்தைச் சுற்றி ஒரு கோடு போடுவது வழக்கமான வழி. அதற்கு முன் `Image > Canvas Size` போய் நாலு பக்கமும் 60 பிக்சல் இடம் விட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோடு விளிம்பில் வெட்டுப்படும். அத்தையின் லேயரைச் சொடுக்கிக்கொள்ளுங்கள். பிறகு `Layer > Mask > Mask to Selection`, அதன்பின் `Select > Grow` கொடுத்து 21 பிக்சல். இது 218 கணக்கில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். அத்தையின் லேயருக்குக் கீழே ஒரு புதிய லேயர் சேர்த்து, தேர்வை நிறத்தால் நிரப்புங்கள். சுத்த வெள்ளையால் நிரப்பினால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும், குழந்தைகளுக்கு அது சரி. நான் துப்பட்டாவின் க்ரீம் நிறத்தையே எடுத்து நிரப்பினேன். படத்துக்குள் இருக்கும் நிறம் என்பதால் கோடு அந்நியமாகத் தெரியவில்லை. முடியின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை இந்த அகலமான கோடு தானே மென்மையாக்கிவிடும். உங்கள் முடி வேலை சுமாராக வந்திருந்தாலும் அது மூடி மறைத்துவிடும் என்பது இதிலுள்ள இரகசிய லாபம்.

மார்பில் படம் எங்கே முடிகிறது என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தின் கீழ்விளிம்பு நேர்கோடாக இருக்கும். அப்படியே விட்டால் அத்தையைக் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். புகைபோல மெல்ல மறையவைக்கலாமே என்றால், அது முழுக்கப் பாதி தெரியும் பிக்சல்கள், கறுப்புத் துணிக்கு ஆகாது. தோளிலிருந்து தோளுக்கு ஒரு வளைவாக வெட்டிவிடுவதே பாதுகாப்பு. கோடு போடுவதற்கு முன்பே மாஸ்க்கில் இதைச் செய்துவிட்டால், கோடும் அந்த வளைவையே பின்தொடரும்.

நிறத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் செய்தேன். திரை தானே ஒளிர்கிறது, துணி ஒளிராது. அதனால் அச்சில் எல்லாமே ஒரு படி இருண்டுதான் வரும். அத்தையின் படத்தின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். `Colors > Curves` இல் கோட்டின் நடுவைப் பிடித்து லேசாக மேலே தூக்கினால், கண்ணுக்கடியிலும் தாடையிலும் உள்ள நிழல் கொஞ்சம் தெளியும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு இதைச் செய்தால் கை அளவு மீறாது.

கோப்பாக்கி அனுப்புவது

கறுப்பு லேயரை மறைத்துவிடுங்கள். இதை மறந்து, கறுப்புச் செவ்வகத்தோடு அனுப்பியவர்கள் நிறைய. தேவையில்லாத வெற்றிடத்தைக் கத்தரித்து, `Image > Print Size` இல் உயரத்தை 28 செ.மீ. என்று கொடுங்கள். கோடு சேர்ந்ததால் படம் சற்றே பெரிதாகியிருக்கும், அந்த முழு உயரமும் 28-க்குள் அடங்கிவிடும். இது பிக்சல்களைத் தொடாது, அளவுக் குறிப்பை மட்டும் எழுதும்.

பிறகு `File > Export As`, பெயரின் கடைசியில் `.png`. JPG வேண்டாம், அதில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது, வெற்றிடமெல்லாம் ஒரு நிறத்தால் நிரம்பிவிடும். வரும் பெட்டியில் `Save resolution` தேர்வாகியிருக்கட்டும். `Save color values from transparent pixels` என்பதை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் மறைந்த சுவரின் நிறமும் கோப்புக்குள் ஒளிந்திருக்கும், சில மென்பொருள்கள் அதை வெளியே இழுத்துவிடும். யாராவது அச்சு மைகளுக்கான நிறமுறையான CMYK-இல் கேட்டால், PNG அதற்கு இடம் தராது என்று சொல்லிவிட்டு, திரைக்கான sRGB-இலேயே கொடுங்கள். நிற மாற்றத்தை இயந்திரத்தோடு வரும் மென்பொருள் செய்துகொள்ளும்.

அனுப்புவதற்கு முன் சாதாரணக் காகிதத்தில் உண்மையான அளவில் ஒருமுறை அச்சிட்டு, கத்தரித்து, ஒரு சட்டையின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு தாளில் அடங்காவிட்டால் இரண்டாக அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். 28 செ.மீ. திரையில் ஒன்றுமில்லை, ஆளின் நெஞ்சில் அது பெரியது. நான் இதைப் பார்த்துவிட்டுத்தான் 25-க்கு இறக்கினேன். `Print Size` இல் எண்ணை மாற்றினால் போதும், அங்குலத்துக்கான பிக்சலும் தானாகவே 240-ஐத் தாண்டிவிட்டது.

மக்

மூல `.xcf` கோப்புக்கு வாருங்கள். இங்கே ஓரத்தை இறுக்க வேண்டாம், கோடும் வேண்டாம். கறுப்பு முடி வெள்ளை மக்கில் தானே எடுப்பாக நிற்கும். கவலை துப்பட்டாதான். அடியில் உள்ள லேயரை வெள்ளையாக நிரப்பிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கே எல்லை தொலைகிறதோ அங்கே `Shift+D` விசையில் வரும் டாட்ஜ்/பர்ன் கருவியை எடுத்து, `Burn` தேர்ந்தெடுத்து, `Exposure` அளவை 15-க்கு வைத்து, துப்பட்டாவின் ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை தடவுங்கள். க்ரீம் நிறம் அங்கே லேசான பழுப்பாகும், துணியின் மடிப்பு நிழல்போலத் தெரியும். அவ்வளவுதான் வேண்டும். மார்பின் கீழே புகைபோல மறையவைக்கும் ஆசையையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

வழக்கமான மக்கின் விட்டம் 8 செ.மீ.க்குச் சற்று அதிகம், சுற்றளவு ஏறக்குறைய 26 செ.மீ. கைப்பிடிக்கு இருபுறமும் கொஞ்சம் விட்டு, 20 செ.மீ. அகலம் 9 செ.மீ. உயரம் அச்சுக்குக் கிடைக்கும். சரியான அளவை அச்சிடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மக்குக்கு மக் மாறும். அத்தையின் படம் 8 செ.மீ. உயரத்தில் 6.3 செ.மீ. அகலம் வரும். அது நல்ல அளவு. 9, 10 செ.மீ. அகலத்துக்குப் போனால் மக்கின் வளைவில் காதுகள் பக்கவாட்டில் திரும்பிவிடும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முழு முகம் கிடைக்காது.

எங்கே வைப்பது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 20 செ.மீ. பரப்பின் நட்டநடுவில் வைத்தால் முகம் கைப்பிடிக்கு நேர் எதிர்ப்புறம் போய்விடும், குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது. வலதுகையால் பிடிப்பவருக்கு முகம் தெரிய வேண்டுமென்றால், படத்தின் நடு பரப்பின் வலது ஓரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இடது ஓரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். நான் இரண்டு இடத்திலும் வைத்தேன். நடுவில் பெயருக்கு இடம் கிடைத்தது.

சப்ளிமேஷனில் படத்தை இடவலமாகத் திருப்பித்தான் தாளில் அச்சிடுவார்கள், மக்கில் ஒட்டும்போது நேராகிவிடும். அதை நீங்கள் செய்யாதீர்கள், அவர்கள் செய்வார்கள். இருவரும் திருப்பினால் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரும். கோப்போடு ‘திருப்பப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.